விமானப் படத்தின் ஸ்கேல்: 86 ஏக்கர் தோட்டம் எனக்கு 162 ஏக்கராக வருகிறது

சேர்வராயன் — திங்கள், இரவு 9.10

வணக்கம். முதுகலை புவியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறை அலமாரியில் பழைய பயிற்சிப் படங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அதிலிருந்து சேர்வராயன் மலையின் தெற்குச் சரிவைக் காட்டும் ஒரு விமானப் படத்தை எடுத்து வேலை செய்கிறேன். கீழே சேலம் பக்கத்துச் சமவெளி, மேலே காப்பித் தோட்டங்கள், இரண்டும் ஒரே படத்தில் வருகின்றன.

படத்தின் ஓரத்தில் குவியத் தூரம் 152.4 மில்லிமீட்டர் என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் உயரமானியின் முகம் சின்னதாகப் பதிவாகியிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மிகச் சின்ன முள் 1-ஐத் தாண்டி நிற்கிறது, குட்டை முள் 6-ஐக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, நீண்ட முள் 2-க்கும் 3-க்கும் நடுவே. 16,240 அடி என்று படித்தேன், அதாவது 4,950 மீட்டர். 4,950-ஐ 0.1524-ஆல் வகுத்தால் 32,480. ஆகவே ஸ்கேல் 1:32,480 என்று வைத்துக்கொண்டேன்.

மேலே உள்ள ஒரு தோட்டத்தின் எல்லையை டிரேசிங் தாளில் வரைந்து, கிராஃப் தாளில் வைத்துச் சதுரங்களை எண்ணினேன். 6.2 சதுர சென்டிமீட்டர் வந்தது. இந்த ஸ்கேலில் அது ஏறத்தாழ 162 ஏக்கர். ஆனால் அந்தத் தோட்டக்காரர் காட்டிய பத்திரத்தில் 86 ஏக்கர்தான் இருக்கிறது. எல்லையை நான் தவறாக வரையவில்லை, அவரே பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம் எப்படி வரும்?

நிலஅளவை மணி — திங்கள், இரவு 9.41

குவியத் தூரத்தை உயரத்தால் வகுப்பதுதான் சூத்திரம். நீங்கள் செய்தது சரி. நாங்கள் பயிற்சியில் இருந்தபோதும் அப்படித்தான் போட்டோம், தரையில் அளந்து பார்த்தால் ஒத்துப்போகும். எனக்கென்னவோ பத்திரம்தான் சரியில்லை என்று தோன்றுகிறது. மலைத் தோட்டங்களில் அனுபவத்தில் இருக்கும் நிலம் பத்திரத்தைவிட அதிகமாக இருப்பது புதிதல்ல.

பறவைப்பார்வை — திங்கள், இரவு 10.02

எனக்கும் இதே மாதிரி ஆனது. பாண்டம் 4 ப்ரோ ட்ரோனில் 100 மீட்டர் உயரத்தில் எடுத்த படம். லென்ஸ் 24 மில்லிமீட்டர் என்று எங்கோ படித்ததை வைத்துக் கணக்குப் போட்டேன், வயல் ரொம்பச் சின்னதாக வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, 24 என்பது பழைய பிலிம் கேமராவுக்கு ஒப்பிட்டுச் சொல்லும் எண். உண்மையான குவியத் தூரம் 8.8 மில்லிமீட்டர். சென்சாரின் அகலம் 13.2. அதை வைத்தால் 100 மீட்டரிலிருந்து 150 மீட்டர் அகலம் தெரிகிறது, தவறான எண்ணில் 55 மீட்டர்தான் வந்தது. உங்கள் கேமராவின் சென்சார் அளவு என்ன? அதைச் சொன்னால் ஒரு பிக்ஸல் எத்தனை சென்டிமீட்டர் என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.

சேர்வராயன் — திங்கள், இரவு 10.15

நண்பரே, இது பிலிம் படம், 23 சென்டிமீட்டர் சதுரம். பிக்ஸல் எதுவும் இல்லை, காகிதப் பிரிண்ட்தான்.

வரைபடக்காரர் — செவ்வாய், காலை 6.20

தம்பி, பத்திரத்தைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி.

ஒன்று. உயரமானி எந்த இடத்திலிருந்து உயரத்தைச் சொல்கிறது? கடல் மட்டத்திலிருந்து. விமானத்துக்கும் அந்தக் காப்பித் தோட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அது சொல்லவில்லை. லென்ஸுக்கோ அந்த இடைவெளி மட்டும்தான் கணக்கு. ஒளிக்கதிர் தோட்டத்திலிருந்து கிளம்பி லென்ஸைத் தாண்டிப் பிலிமில் விழுகிறது. லென்ஸுக்கு மேலே 152.4 மில்லிமீட்டரில் பிலிம், கீழே தோட்டம் வரை ஒரு தூரம். அந்த இரண்டின் விகிதம்தான் ஸ்கேல். தோட்டத்துக்குக் கீழே கடல் மட்டம் வரை இருக்கும் பாறைக்கு இதில் வேலையே இல்லை. அதைக் கழித்துவிட வேண்டும். ஸ்கேல் S, குவியத் தூரம் f, கடல் மட்டத்திலிருந்து விமானத்தின் உயரம் H, தோட்டத்தின் உயரம் h என்றால்:

```
S = f / (H - h)
```

மணி சொல்வதும் ஒரு வகையில் உண்மைதான். பறப்புத் திட்டம் போடும்போது "தரைக்கு மேல் இவ்வளவு" என்று எழுதுவோம். அந்த எண்ணை வைத்தால் வெறும் f/H போதும். அவருடைய பயிற்சியில் அந்த எண்ணைக் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் தரை கடலோரமாக இருந்திருக்கும். உங்கள் கையில் இருப்பது உயரமானியின் எண்.

இரண்டாவது கேள்வி. அந்தப் பிரிண்ட் நெகட்டிவின் அளவிலேயே போட்டதா, பெரிதாக்கியதா? மூலைகளில் சின்னச் சிலுவை மாதிரியோ புள்ளி மாதிரியோ குறிகள் இருக்கும். ஸ்டீல் ஸ்கேல் வைத்து அவற்றுக்கு நடுவே அளந்து சொல்லுங்கள். கேமராவின் பெயர் ஓரத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தோட்டத்தின் சராசரி உயரத்தை டோபோஷீட்டின் காண்டூர் கோட்டிலிருந்து எடுங்கள்.

சேர்வராயன் — செவ்வாய், மாலை 5.48

ஐயா, கேமரா வில்ட். மூலைக்கு மூலை பக்கவாட்டில் 212 மில்லிமீட்டர், நான்கு பக்கமும் அப்படியே.

டோபோஷீட்டைப் பார்த்தேன். மலையடிவாரம் ஏறத்தாழ 380 மீட்டர். தோட்டம் 1,330-லிருந்து 1,460 வரை போகிறது, நடுவாக 1,400 என்று வைத்துக்கொண்டேன்.

கழித்துப் போட்டதும் படம் மாறிவிட்டது. அடிவாரத்துக்கு 4,950-லிருந்து 380 போக 4,570 மீட்டர், ஸ்கேல் 1:30,000-க்குப் பக்கம். தோட்டத்துக்கு 4,950-லிருந்து 1,400 போக 3,550 மீட்டர், ஸ்கேல் 1:23,300. ஒரே படத்துக்கு இரண்டு ஸ்கேல்!

தோட்டத்தின் ஸ்கேலில் ஒரு சென்டிமீட்டர் 233 மீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 13.4 ஏக்கர். 6.2 சதுர சென்டிமீட்டருக்கு 83 ஏக்கர். 162 எங்கே, 83 எங்கே.

வரைபடக்காரர் — செவ்வாய், இரவு 7.05

212 என்றால் நிம்மதி. வில்ட் கேமராவில் மூலைக் குறிகள் மையத்திலிருந்து இரு திசையிலும் 106 மில்லிமீட்டரில் இருக்கும், ஆக 212. பிரிண்ட் நெகட்டிவின் அளவிலேயே இருக்கிறது, 152.4-ஐ அப்படியே வைக்கலாம்.

இரண்டு மடங்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஸ்கேலில் நீங்கள் செய்த பிழை 1.4 மடங்குதான். பரப்பு என்று வரும்போது அது இரண்டு திசையிலும் பெருகுகிறது, 1.4-ஐ 1.4-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2. நீளம் மட்டும் அளந்திருந்தால் இந்தப் பிழை உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம்.

ஒரே படத்துக்கு இரண்டு ஸ்கேல் என்று ஆச்சரியப்பட வேண்டாம், இரண்டு அல்ல, தரையின் ஒவ்வொரு உயரத்துக்கும் ஒரு ஸ்கேல் உண்டு. தரை லென்ஸுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பெரிதாக விழும். "இந்தப் படத்தின் ஸ்கேல் 1:30,000" என்று அட்டையில் எழுதியிருந்தால் அது ஏதோ ஒரு சராசரித் தரைக்கு எழுதியது. தஞ்சாவூர்ப் பக்கத்து வயலுக்கு அது போதும். உங்கள் படத்தில் ஆயிரம் மீட்டர் ஏற்றம் இருக்கிறது.

காகிதப் பிரதி — செவ்வாய், இரவு 8.30

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். என்னிடம் அசல் பிரிண்ட் இல்லை. ஸ்கேன் செய்த படத்தை A4 தாளில் "பக்கத்துக்குப் பொருத்து" என்று போட்டு அச்சடித்து வைத்திருக்கிறேன். அதுவும் வில்ட் கேமராதான், குவியத் தூரம் 152.4. மூலைக் குறிகளுக்கு நடுவே 176 மில்லிமீட்டர்தான் வருகிறது. இந்தத் தாளை வைத்துக் கணக்குப் போடவே முடியாதா?

வரைபடக்காரர் — செவ்வாய், இரவு 8.52

முடியும் அம்மா. தாள் சுருங்கிய அதே விகிதத்தில் குவியத் தூரத்தையும் சுருக்கிக்கொள்ளுங்கள். 152.4-ஐ 176-ஆல் பெருக்கி 212-ஆல் வகுத்தால் 126.5. இந்தத் தாளுக்கு உங்கள் குவியத் தூரம் 126.5 மில்லிமீட்டர். அப்புறம் மற்றதெல்லாம் பழையபடிதான். ஆனால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். சில அச்சுப்பொறிகள் ஒரு பக்கம் சற்று இழுத்துவிடும். இரண்டும் வேறுபட்டால் அந்தத் தாளை விட்டுவிட்டு, ஸ்கேன் கோப்பிலேயே அளப்பது நல்லது.

நிலஅளவை மணி — செவ்வாய், இரவு 9.20

கழிக்க வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், கடல் மட்ட உயரம் என்று நான் கவனிக்கவில்லை. ஆனால் இப்போது தம்பிக்கு 83 வருகிறது, பத்திரத்தில் 86. மீதி 3 ஏக்கர் எங்கே? தோட்டத்தின் சராசரி உயரத்தை 1,400-க்குப் பதில் 1,350 என்று வைத்தால் 85.5 வந்துவிடும். நான் போட்டுப் பார்த்தேன். அதையே வைத்து முடித்துவிடலாமே.

வரைபடக்காரர் — புதன், காலை 6.10

மணி, உங்கள் கணக்கு சரி. ஆனால் விடைக்கு ஏற்றபடி உயரத்தை நகர்த்தினால், அப்புறம் அந்தப் படம் நமக்கு எதையும் சொல்லவில்லை, பத்திரத்தையே திருப்பிச் சொல்கிறோம். இன்னொன்று, உயரத்தை 50 மீட்டர் குறைப்பதும் விமானத்தை 50 மீட்டர் ஏற்றுவதும் இந்தச் சூத்திரத்தில் ஒன்றுதான். எது தவறு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்குச் சந்தேகம் விமானத்தின் மேல்தான். உயரமானி உண்மையில் அளப்பது காற்றழுத்தம். அழுத்தத்தை உயரமாக மாற்ற, ஒரு பொதுவான காற்றை நினைத்துக்கொண்டு அதன் முகத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி, மேலே போகப் போக ஒரு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குறையும் காற்று அது. நம் ஊர்க் காற்று அதைவிடச் சூடானது. சூடான காற்று விரிந்து நிற்பதால், அதே அழுத்தம் இன்னும் மேலேதான் கிடைக்கும். 10 டிகிரி சூடு கூடினால் உண்மையான உயரம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடும் என்பது விமானிகள் கைக்கணக்கு. 4,950-இல் 4 சதவீதம் 198 மீட்டர். அன்று தரையில் அழுத்தம் எவ்வளவு இருந்தது, உயரமானியின் முகத்தை எந்த அழுத்தத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள் என்பதையும் பொறுத்து இது மாறும். ஆகவே 198 என்று கண்ணை மூடிச் சேர்க்கச் சொல்லவில்லை. முள்ளின் எண்ணை முதல் மதிப்பீடாக மட்டும் வையுங்கள்.

தம்பி, உயரத்தைப் படத்திலிருந்தே திருப்பி எடுங்கள். சமவெளியில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் உள்ள இரண்டு இடங்கள், படத்திலும் டோபோஷீட்டிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். சாலைச் சந்திப்பு, ரயில்வே கேட், பாலத்தின் முனை இப்படி. ஏரிக்கரை வேண்டாம், தண்ணீருக்கு ஏற்றபடி கரை நகரும். கிணறும் வேண்டாம், எந்தக் கிணறு என்று தெரியாமல் போகும். முடிந்தவரை தூரமாக எடுங்கள், இரண்டு கோடு எடுங்கள்.

பறவைப்பார்வை — புதன், காலை 9.33

ஐயா, இது ட்ரோனுக்கும் பொருந்துமே! என் ட்ரோன் காட்டும் 100 மீட்டர், கிளம்பிய இடத்திலிருந்து. நான் மேட்டில் நின்று ஏற்றிவிட்டு, 20 மீட்டர் பள்ளத்தில் இருந்த வயலை எடுத்திருக்கிறேன். உண்மையில் 120 மீட்டர். 8.8 என்று திருத்திய பிறகும் எனக்குப் பரப்பு குறைவாகவே வந்தது, காரணம் தெரியாமல் விட்டுவிட்டேன். 1.2-க்கு 1.2, அதாவது 1.44 மடங்கு குறைத்துச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கே அந்த வயல்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

சேர்வராயன் — வியாழன், இரவு 8.05

இரண்டு கோடு எடுத்துவிட்டேன், ஐயா.

முதல் கோடு இரண்டு சாலைச் சந்திப்புகளுக்கு நடுவே. 1:50,000 டோபோஷீட்டில் 4.30 சென்டிமீட்டர், தரையில் 2,150 மீட்டர். படத்தில் 7.0 சென்டிமீட்டர். வகுத்தால் 1:30,714. இதை 0.1524-ஆல் பெருக்கினால் விமானம் அந்தத் தரைக்கு மேல் 4,681 மீட்டர். தரை 380. ஆக கடல் மட்டத்திலிருந்து 5,061.

இரண்டாவது கோடு ஒரு பாலத்திலிருந்து ஒரு சந்திப்பு வரை, தரை 370. டோபோஷீட்டில் 3.65 சென்டிமீட்டர், 1,825 மீட்டர். படத்தில் 5.9. இதில் 5,084 வந்தது.

சராசரி 5,070 என்று எடுத்துக்கொண்டேன். முள் காட்டியதைவிட 120 மீட்டர் மேலே! நீங்கள் சொன்ன திசையில்தான் போகிறது, அளவு மட்டும் குறைவு.

இதை வைத்தால் தோட்டத்துக்கு மேலே 3,670 மீட்டர், ஸ்கேல் 1:24,080, பரப்பு 89 ஏக்கர். முன்பு 3 குறைவாக இருந்தது, இப்போது 3 அதிகம்.

வரைபடக்காரர் — வியாழன், இரவு 9.15

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இரண்டு கோடும் 23 மீட்டர் வித்தியாசத்தில் ஒத்துப்போவது நல்ல அறிகுறி.

இப்போது 89 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று பாருங்கள். டோபோஷீட்டில் அரை மில்லிமீட்டர் தவறுவது யாருக்கும் நடக்கும், தரையில் அது 25 மீட்டர். 2,150 மீட்டரில் 25 என்றால் நூற்றில் ஒன்றுக்கு மேல். அது விமான உயரத்தில் 50 மீட்டருக்குச் சற்று மேலே போகிறது. தோட்டத்தின் பரப்பில் அதுவே ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். தோட்டத்தின் சராசரி உயரத்தை 30 மீட்டர் தவறி எடுத்திருந்தால் இன்னும் ஒன்றரை ஏக்கர். அந்த வகையில் 89-ம் 86-ம் முரண்படவில்லை. 83-க்கும் 86-க்கும் இருந்த நெருக்கத்தைவிட எனக்கு இந்த 89-ஐத்தான் பிடிக்கிறது, ஏனென்றால் இதன் உயரம் தரையிலிருந்து வந்தது.

ஒரு எச்சரிக்கை. அடிவாரத்திலிருந்து தோட்டத்துக்கு நேர்த் தூரம் எடுக்க வேண்டியிருந்தால், ஸ்கேலை வைத்து நீட்டி அளந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முனையையும் படத்தின் மையத்திலிருந்து தனித்தனியாக, அதனதன் ஸ்கேலில் மாற்றுங்கள். பழைய எண்களை வைத்தே சொல்கிறேன். அடிவாரப் புள்ளி மையத்துக்குத் தெற்கே 9.5 சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டருக்கு 300 மீட்டர், 2,850. தோட்டப் புள்ளி மையத்துக்கு நேர் வடக்கே 2.5, ஒரு சென்டிமீட்டருக்கு 233, ஏறத்தாழ 580. மொத்தம் 3,430 மீட்டர். இரண்டு ஸ்கேலுக்கும் சராசரி எடுத்து 12 சென்டிமீட்டரைப் பெருக்கினால் 3,200 என்று வரும், 230 மீட்டர் காணாமல் போகும்.

நிலஅளவை மணி — வியாழன், இரவு 10.00

பத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய மலைத் தோட்டங்களில் சங்கிலியைச் சரிவோடு போட்டு அளந்திருந்தால், 86 என்பது சரிவுப் பரப்பு. படம் காட்டுவது மேலிருந்து பார்த்த தட்டைப் பரப்பு. 12 டிகிரி சரிவென்றால் நூற்றுக்கு இரண்டு குறையும், தட்டையாக 84. அப்படியானால் 89-க்கும் அதற்கும் இடைவெளி கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

வரைபடக்காரர் — வெள்ளி, காலை 6.30

அளவை விதிப்படி சங்கிலியைக் கிடையாகப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். அந்தத் தோட்டத்தில் அப்படிப் பிடித்தார்களா என்று அளவைப் புத்தகத்தைப் பார்த்தால்தான் தெரியும். மணி சொல்வதை ஒதுக்க முடியாது.

எனக்கு வேறொரு கவலை. தம்பி, உங்கள் இரண்டு கோடும் படத்தின் தெற்கு ஓரத்தில்தான் இருக்கின்றனவா? ஓரத்தில் உள்ள நீர்மட்டக் குமிழி எங்கே நிற்கிறது?

சேர்வராயன் — வெள்ளி, மாலை 4.40

ஆமாம் ஐயா, சமவெளி அங்கே மட்டும்தான் இருக்கிறது. குமிழி நடுவட்டத்திலிருந்து விலகி, ஒரு டிகிரி வளையத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

வரைபடக்காரர் — வெள்ளி, மாலை 6.15

குமிழியை அப்படியே நம்ப முடியாது, விமானம் திரும்பினாலோ வேகம் மாறினாலோ அது ஓடிவிடும். ஆனாலும் ஒரு டிகிரி சாய்வு உண்மையாக இருந்தால், கேமராவுக்கு நேர்க்கீழே உள்ள இடம் படத்தின் மையத்திலிருந்து 2.7 மில்லிமீட்டர் தள்ளி விழும். படத்தின் ஒரு பக்கம் தரைக்கு நெருங்கும், மறு பக்கம் விலகும். 9.5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் புள்ளி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். நாம் போட்ட சூத்திரம் முழுக்க, கேமரா நேராகக் கீழே பார்க்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. இரண்டு கோடும் ஒரே ஓரத்தில் இருப்பதால், 5,070 என்பதில் சாய்வும் கலந்திருக்கலாம்.

மேல்தளத்தில் ஒரு கோடு எடுங்கள். ஒரே காண்டூர் கோட்டில் உள்ள இரண்டு சாலைச் சந்திப்பு. அதிலும் 5,070-க்குப் பக்கம் வந்தால் சாய்வை மறந்துவிடலாம். 100 மீட்டருக்கு மேல் விலகினால், ஒற்றைப் படத்தை வைத்து இதற்கு மேல் போக வேண்டாம். அதே பறப்பு வரிசையில் அடுத்த படத்தையும் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

சேர்வராயன் — சனி, மதியம் 12.25

மேல்தளத்தில் பார்த்தேன், ஐயா. படத்தில் இருக்கும் சாலை வளைவுகள் டோபோஷீட்டில் வேறு மாதிரி இருக்கின்றன. டோபோஷீட் பின்னால் திருத்திய பதிப்பு, நடுவில் சாலையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஒரு சந்திப்புதான் உறுதியாகப் பொருந்துகிறது, இரண்டாவது கிடைக்கவில்லை. துறை அலமாரியில் இதே வரிசை எண்ணில் அடுத்த படம் இருக்கிறது, திங்கட்கிழமை சாவி கிடைக்கும். தோட்டக்காரரிடம் அளவைப் புத்தகத்தின் நகலும் கேட்டிருக்கிறேன்.

காகிதப் பிரதி — சனி, மாலை 3.10

என் தாளில் அகலவாக்கில் 176, நீளவாக்கில் 177.5. ஸ்கேன் கோப்பிலேயே அளக்கப் போகிறேன். கோப்பில் குறிகளுக்கு நடுவே பிக்ஸல் எண்ணிக்கையை எடுத்து, 212 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டால் போதும்தானே?

வரைபடக்காரர் — சனி, மாலை 3.45

போதும் அம்மா. இரு திசையிலும் எண்ணுங்கள்.